முப்பத்தெட்டில் நின்ற எண்

மாஸ்டருக்குத் திங்கட்கிழமை கீமோ தொடங்குவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய தாய்மாமன் மருத்துவமனை ஆய்வகத்தின் வாசலில் வந்து நின்று போட்ட கூச்சலில் எல்லாம் தலைகீழாகிப் போனது.

மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கல்யாணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. கோடை விடுமுறை முடியும் சமயத்தில் ஒரு பக்கத்து விரையில் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. மனைவியிடம் சொல்லவே கூச்சப்பட்டார். சொன்ன மறுநாளே அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. அந்த விரையை எடுத்துவிட்டார்கள்.

அவரைப் பார்த்துக்கொண்ட புற்றுநோய் மருத்துவருக்கு மருத்துவமனை முழுக்க 'நிதானம் டாக்டர்' என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் "நிதானம், நிதானம்" என்பார். அவர்தான் மாஸ்டருக்கு அந்தப் பரிசோதனையை விளக்கினார்.

"ஏ.எஃப்.பி.னு ஒரு புரதம். வயித்துல இருக்கிற குழந்தையோட ஈரல் அதை நிறைய உண்டாக்கும். பொறந்து ஒரு வருஷம் போனா ரொம்பக் குறைஞ்சிடும். பெரியவங்களுக்குப் பத்துக்குக் கீழதான் இருக்கணும். உங்களுக்கு வந்த மாதிரிக் கட்டி சிலது அதை மறுபடியும் உண்டாக்கும். உங்களோடது அறுநூறு இருந்துச்சு. கட்டிய எடுத்தாச்சுன்னா அஞ்சாறு நாளைக்கு ஒருமுறை அது பாதி பாதியா இறங்கணும். வாரா வாரம் பார்ப்போம்."

இறங்கியது. முதல் வாரங்களில் மளமளவென்று சரிந்தது. மாஸ்டர் ஒவ்வொரு எண்ணையும் ஓட்டப்பந்தய நேரம் மாதிரி வீட்டில் அறிவித்தார். இருநூறுக்குக் கீழே வந்த அன்று மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு வேகம் குறைந்தது. நாற்பதுக்கு வந்தது. முப்பத்தெட்டுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் முப்பத்தேழு. அதற்கடுத்த வாரம் மறுபடி முப்பத்தெட்டு. இப்படி ஆறு வாரம், எவ்வளவு தள்ளினாலும் நகராத பாறை மாதிரி உட்கார்ந்திருந்தது.

நெஞ்சு, வயிறு, எல்லா ஸ்கேனும் சுத்தம். ஈரலில் கோளாறு இல்லை. கருவியில் பிசகோ என்று ஆய்வகத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள்; வெளியே வேறொரு இடத்துக்கு, வேறு வகைக் கருவிக்கு அனுப்பியும் பார்த்தார்கள். அதே எண். அப்படியென்றால் ஸ்கேனுக்குத் தெரியாத அளவில் எங்கேயோ கட்டியின் மிச்சம் ஒளிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கீமோதான் வழி. நிதானம் டாக்டர் அதைச் சொன்னபோது மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். நுரையீரலைக் கொஞ்சம் பாதிக்கலாம், காதில் இரைச்சல் வரலாம், குழந்தை பிறப்பதில் சிக்கல் வரலாம், அதனால் முன்கூட்டியே விந்தணுவை எடுத்துச் சேமித்து வைப்பது நல்லது. அதையும் செய்துவிட்டார்கள். மைதானத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடுகிற மனிதர் வீட்டில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

இந்த நிலையில்தான் டயர் மாமா உள்ளே நுழைகிறார்.

டயர் மாமா மாஸ்டரின் அம்மாவுக்குத் தம்பி. டயர்க் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர். உடம்பும் கிட்டத்தட்ட அதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். அக்கா மகனுக்கு வந்த நோயைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கடைத்தெருவில் 'ஒரே ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடும்' என்று பெரிய பேனர் கட்டி ஒரு தனியார் முகாம் போட்டிருந்தார்கள். மாமா போய்க் கையை நீட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. முடிவு வந்தது. அதில் இரண்டு இடத்தில் சிவப்பு எழுத்து.

"எனக்கு ரெண்டு கேன்சரு! ரெண்டு!" என்று அவர் ஆய்வக வாசலில் நின்று கத்தினார். "உங்க மிஷின்ல இன்னொருக்கா எடுங்க. பொய்யின்னா பொய்னு சொல்லுங்க, மெய்யின்னா நான் கடையைத் தம்பி கையில குடுத்துட்டுப் படுத்துக்கிறேன்!"

ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்த லேப் டாக்டர் வெளியே வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. குரலை உயர்த்தாமல் கூட்டத்தை அடக்கத் தெரிந்தவர்.

"ஐயா, உள்ள வாங்க. முதல்ல உக்காருங்க. என்னென்ன ரெண்டு?"

"பி.எஸ்.ஏ. ஆறு புள்ளி எட்டாம். அது நாலுக்குள்ள இருக்கணுமாம். இன்னொண்ணு இருக்கு, அது இதை விட மோசம்."

"ஒண்ணொண்ணா வருவோம். பி.எஸ்.ஏ. கேன்சர்ல இருந்து வர்ற பொருள் இல்லீங்க. ஆம்பளைங்க எல்லாருக்கும் புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்குல்ல, அது உண்டாக்குற புரதம். உங்களுக்கும் வரும், எங்க வாட்ச்மேனுக்கும் வரும். வயசானா அந்தச் சுரப்பி சாதாரணமாவே பெருசாகும், அப்பவும் ஏறும். கிருமி வந்து வீங்கினாலும் ஏறும். சமீபத்துல மூத்திரத்துல ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "மூணு வாரம் முந்தி காய்ச்சல் வந்துச்சு. மூத்திரம் அடைச்சுக்கிச்சு. டியூப் போட்டுத்தான் எடுத்தாங்க."

லேப் டாக்டர் சிரித்தே விட்டார். "அப்புறம் ஏறாம என்ன செய்யும்? அந்த நேரத்துல இந்த டெஸ்டே எடுத்திருக்கக் கூடாது. ரெண்டு மாசம் கழிச்சு எடுங்க."

"அப்போ கேன்சர் இல்லையா?"

"இல்லைன்னும் இதை வெச்சுச் சொல்ல முடியாது, இருக்குன்னும் சொல்ல முடியாது. அதுதான் இதுல இருக்கிற சங்கடமே. உங்களை மாதிரி கொஞ்சம் ஏறியிருக்கிற நாலு பேரை ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தா, ஏறக்குறைய ஒருத்தருக்குத்தான் கேன்சர் இருக்கும். மூணு பேர் சும்மா குத்து வாங்கினதுதான் மிச்சம். இன்னொரு பக்கம், எண் சரியா இருக்கிறவங்கள்லயும் சிலருக்குக் கேன்சர் இருக்கும். அதுலயும் பல கேன்சர் ஆமை மாதிரி, மனுஷன் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்து வேற எதுலயோ போவாரு, அது அங்கேயே கிடக்கும். அதைத் தெரியாத்தனமாத் தோண்டி ஆபரேஷன் பண்ணி, மூத்திரத்தை அடக்க முடியாம அவதிப்படறவங்க இருக்காங்க. அதனாலதான் பேனர் கட்டி எல்லாரையும் கூப்பிட்டு எடுக்கிற டெஸ்ட் இல்ல இது. உங்க வயசுல ஒரு டாக்டர்கிட்ட உக்காந்து, லாபம் நஷ்டம் பேசி, வேணும்னு தோணினா எடுக்கலாம். சரி, இன்னொண்ணு என்ன?"

"ஏ.எஃப்.பி. நாப்பத்தொண்ணு. என் மாப்பிள்ளைக்கு வந்த அதே கேன்சரு எனக்கும்…"

"அதுவும் அப்படித்தான், ஈரல்ல மஞ்சக்காமாலைக் கிருமி இருந்தா ஏறும், கர்ப்பமா இருக்கிற பொம்பளைங்களுக்கு ஏறும், சில பேருக்கு…"

லேப் டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"உங்க மாப்பிள்ளைன்னா? பொண்ணோட புருஷனா?"

"இல்லம்மா, அக்கா மகன். பள்ளிக்கூடத்து மாஸ்டர். இங்கதான் பார்க்கிறாங்க."

"கூடப் பொறந்த அக்காவா?"

"ஒரே வயித்துல பொறந்தவங்கம்மா. ஏன், என்ன ஆச்சு? முகம் ஏன் இப்படி ஆகுது? நான் செத்துருவேனா?"

"நீங்க இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க!" என்று சொல்லிவிட்டு லேப் டாக்டர் நடந்தார். நடை இரண்டாவது திருப்பத்தில் ஓட்டமானது. படிக்கட்டில் அவர் ஓடுவதைப் பார்த்த ஒரு நர்ஸ் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தாள்.

நிதானம் டாக்டர் நோயாளி ஒருவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட இருந்தார். லேப் டாக்டர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"மாஸ்டரோட தாய்மாமன் கீழ இருக்காரு. அவருக்கு ஏ.எஃப்.பி. நாப்பத்தொண்ணு."

"எதுக்கு எடுத்தாங்க?"

"அதை விடுங்க. தேவையில்லாம எடுத்ததுதான். மாஸ்டருக்கு முப்பத்தெட்டு, மாமாவுக்கு நாப்பத்தொண்ணு. கட்டி மிச்சம் இருந்தா எண் ஏறணும் இல்ல? ஆறு வாரமா ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. கட்டிக்கு அவ்வளவு பொறுமை ஏது? டாக்டர், சில குடும்பங்கள்ல பொறந்ததுக்கப்புறமும் ஏ.எஃப்.பி. முழுசா அணையறது இல்ல. நோயே இல்லாம, வாழ்நாள் பூரா கொஞ்சம் கூடவே இருக்கும். பரம்பரையா வரும். புத்தகத்துல ஒரு ஓரமா நாலு வரி இருக்கும், நாம படிச்சுட்டுத் தாண்டிப் போயிருப்போம். அறுநூறுல கட்டியோட பங்கு இறங்கிடுச்சு. மிச்சம் இருக்கிறது அவரோட சொந்தச் சரக்கு!"

நிதானம் டாக்டர் எழுந்துவிட்டார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"நிதானம். எனக்கும் அந்த எண் நின்ன இடம் உறுத்திட்டேதான் இருந்துச்சு. ஆனா ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்குக் கட்டி இருக்கவும் வாய்ப்பு இருக்கு. மாமாவுக்கு ஈரல் ஸ்கேன் பண்ணணும், விரையையும் பார்க்கணும், மஞ்சக்காமாலைக்கு ரத்தம் பார்க்கணும். இன்னைக்கே. அப்புறம்…"

"அம்மா," என்றார் லேப் டாக்டர்.

"ஆமா, அம்மா. மாமாவையும் மருமகனையும் சேர்க்கிற பாலம் அவங்கதான். அவங்களுக்கு இல்லைன்னா நம்ம யோசனை அவுட்."

"அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவர் வேற ரத்தம். அவருக்கும் கூட இருந்துச்சுன்னா தப்பு என் மிஷின்லதான்."

தொலைபேசி அடித்தபோது மாஸ்டர் தலையை மொட்டை அடித்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கீமோவில் எப்படியும் கொட்டத்தானே போகிறது. "டாக்டர் உடனே வரச் சொல்றாரு, அம்மா அப்பா எல்லாரும்" என்று அவர் போனை வைத்துவிட்டுச் சொன்னார். குடும்பத்தையே வரச் சொன்னால் என்ன அர்த்தம்? அம்மா செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

மருத்துவமனையில் தம்பியைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பகீர் என்றது. "நீ எங்கடா இங்க?"

"அக்கா, எனக்கு ரெண்டு கேன்சர்னு வந்தேன். இப்போ இந்தம்மா என்னைப் பார்த்துச் சந்தோஷப்படறாங்க. ஒண்ணும் புரியல."

லேப் டாக்டர் எல்லோரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது என்று அடக்கி அடக்கித்தான் சொன்னார். ஆனால் அவருடைய கண்கள் அடங்கவில்லை. மாஸ்டரின் மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

"அப்போ அத்தைக்கும் அதிகமா இருந்தா நல்லதா?" என்று கேட்டாள்.

"நல்லது."

"எங்க அத்தை ரத்தம் கெட்டுப் போயிருக்கணும்னு நான் வேண்டிக்கணுமா?" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "வேண்டிக்கோடி. பரவாயில்ல. நல்லா வேண்டிக்கோ." பிறகு கையை நீட்டினார். நரம்பு சிக்கவில்லை. இரண்டாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அம்மா முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

கருவிக்கு அவசரம் தெரியாது. ரத்தம் உறைய வேண்டும், சுற்றிப் பிரிக்க வேண்டும், பிறகு உள்ளே போக வேண்டும். டயர் மாமாவை ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போனார்கள். வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவியதும் அவர் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. அப்பா சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். மாஸ்டர் உட்கார முடியாமல் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஏதோ போட்டி தொடங்கும் முன் உடம்பைச் சூடுபடுத்துவது போல் இருந்தது அது. மனைவி தடுக்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இப்படி நடந்து அவள் பார்க்கவே இல்லை.

முதலில் மாமாவின் ஸ்கேன் முடிவு வந்தது. ஈரலில் லேசாகக் கொழுப்பு, அவ்வளவுதான். விரைகள் இரண்டும் சுத்தம். மஞ்சள்காமாலைக் கிருமி இல்லை.

அதற்குள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லேப் டாக்டர் கருவியின் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தார். நிதானம் டாக்டரும் வந்து சேர்ந்துகொண்டார். வெளி நோயாளிகளை இளைய மருத்துவரிடம் விட்டுவிட்டு அவர் இப்படி வந்தது அதுவரை நடந்ததில்லை. மாமாவின் ரத்தம் இங்கும் நாற்பதுக்கு மேலேயே காட்டியது. அடுத்து அப்பாவுடையது: மூன்று.

"மிஷின் சரியாத்தான் இருக்கு," என்றார் லேப் டாக்டர் மெதுவாக.

திரையில் அம்மாவின் எண் விழுந்தது. நாற்பத்து நான்கு.

நிதானம் டாக்டர் மேசையை ஓங்கித் தட்டினார். "அடிச்சோம்யா!" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்த ஆய்வகம் கேட்டதே இல்லை. தட்டிய தட்டில் ஒரு பேனாக் குவளை கவிழ்ந்தது. கண்ணாடி வழியாக அதைப் பார்த்த மாஸ்டரின் மனைவிக்கு எண் தெரியத் தேவையில்லாமல் போனது. அவள் அங்கேயே நின்ற இடத்தில் அழ ஆரம்பித்தாள்.

அன்று மதியம் நிதானம் டாக்டர் தன் அறையில் மறுபடி பழைய நிதானத்துக்கு வந்து பேசினார்.

"அம்மாவுக்கும் ஈரல் ஸ்கேன் சுத்தம். மூணு பேருக்கு, நோய் எதுவும் இல்லாம, ஒரே அளவுல. இது உங்க குடும்பத்து விஷயம்னு நான் நம்புறேன். மரபணு டெஸ்ட்டுக்கு அனுப்புறோம், வர வாரக்கணக்காகும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். உங்களுக்கு வந்த கட்டி நிஜம். அது திரும்ப வரலாம். கட்டி மிச்சம் இல்லவே இல்லைன்னு இன்னைக்கு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"அப்போ திங்கட்கிழமை?" என்றார் மாஸ்டர்.

"என் அபிப்பிராயம், வேண்டாம். கீமோவைக் கைவிடல, தள்ளி வெக்கிறோம். வாராவாரம் ரத்தம் பார்ப்போம், ஸ்கேனும் நான் சொல்ற நேரத்துக்குத் தவறாம வரணும். எண் ஏற ஆரம்பிச்சா அன்னைக்கே தொடங்கிடலாம். அப்போ தொடங்கினாலும் குணமாக்கிட முடியும்ங்கிற நோய் இது. அந்தத் தைரியத்துலதான் சொல்றேன். முடிவு உங்களோடது."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் மாஸ்டரின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இது என்கிட்ட இருந்துதான் இவனுக்குப் போச்சா? கட்டியும் என்னாலதானா?"

"இல்லம்மா. அந்த எண் மட்டும்தான் உங்களோடது. கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தப் புரதம் யாரையும் ஒண்ணும் பண்ணாது. நீங்க இத்தனை வருஷமா அதோடதானே இருக்கீங்க? ஏதாவது பண்ணுச்சா?"

"முழங்கால் வலிக்குது."

"அது வேற டாக்டர்."

முதலில் சிரித்தது அப்பாதான். காலையிலிருந்து வாயே திறக்காத மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் நீர் வரும் வரை.

"தள்ளி வைங்க டாக்டர்," என்றார் மாஸ்டர். "நான் காத்திருக்கேன்."

டயர் மாமாவுக்கு மட்டும் ஒரு நியாயம் விளங்கவில்லை. "அப்போ நான் அந்த முகாம்ல எடுத்தது நல்லதுதானே? என்னாலதானே கண்டுபிடிச்சீங்க? எங்க தெருவுல எல்லாரையும் எடுக்கச் சொல்றேன்!"

லேப் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, வேண்டாம். இது குருட்டு அதிர்ஷ்டம். வீட்டுல கட்டி வந்த ஒருத்தர் இருந்ததாலதான் உங்க எண்ணுக்கு ஒரு அர்த்தம் கிடைச்சுது. இல்லைன்னா என்ன நடந்திருக்கும்? ஈரல்ல இல்லாத கட்டியைத் தேடி உங்களை ஒவ்வொரு ஆஸ்பத்திரியா இழுத்தடிச்சிருப்பாங்க. கட்டி இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு இது நல்ல வழிகாட்டி. சும்மா இருக்கிறவங்க தெருவெல்லாம் எடுத்தா, பயந்தவங்கதான் நிறைய ஆவாங்க, பிழைச்சவங்க இல்ல."

மாமா யோசித்தார். "நல்லா ஓடற வண்டியக் கழட்டிப் போட்டுப் பார்க்கிற மாதிரி," என்றார்.

பிறகு வந்த வாரங்கள் லேசானவை அல்ல. ஒரு முறை நாற்பது என்று வந்து, அது கருவியின் வழக்கமான ஏற்ற இறக்கம்தான் என்று லேப் டாக்டர் சொல்லிக் கேட்கும் வரை குடும்பமே சாப்பிடவில்லை. அடுத்த வாரம் அது முப்பத்தெட்டுக்கே திரும்பியது. ஸ்கேன் சுத்தமாகவே இருந்தது. மரபணு முடிவும் வந்து சேர்ந்தது: அணைய வேண்டிய புரதத்தை அணைய விடாமல் வைத்திருக்கும் ஒரு சின்ன மாற்றம், அம்மாவுக்கும் மாமாவுக்கும் மாஸ்டருக்கும். மாஸ்டரின் அக்காவுக்கு அது இல்லை. "எல்லாம் செல்லப் பிள்ளைக்கே குடுத்துட்ட" என்று அக்கா அம்மாவைக் கிண்டல் செய்தாள். இனிமேல் எந்த ஊரில் எந்த மருத்துவர் பார்த்தாலும் பதறிவிடக் கூடாது என்று, இவருடைய இயல்பான அளவு இதுதான் என்றும், இதைத் தாண்டி ஏறினால் மட்டுமே கவலைப்பட வேண்டும் என்றும் மருத்துவமனைப் பதிவில் நிதானம் டாக்டர் எழுதி வைத்தார். மாமாவின் பி.எஸ்.ஏ. இரண்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதைக் கேட்டதும் அவர் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் மறுபடி திறந்து சில வாரங்களில் மாவட்ட அளவிலான ஓட்டப் போட்டி வந்தது. அதே நாளில் மாஸ்டரின் ரத்த முடிவும் வர வேண்டியிருந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது என்று அவர் மைதானத்துக்குப் போய்விட்டார். முடிவை வாங்க மனைவி மட்டும் போனாள். லேப் டாக்டர் எண்ணைச் சொன்னதும் அவள் வெளியே ஓடி வந்து, பேருந்து நிறுத்தத்திலேயே போனை எடுத்தாள். அந்தப் பக்கம் விசில் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் காதைப் பிளந்தன.

"என்ன? கேக்கல! சத்தமாச் சொல்லு!" என்று மாஸ்டர் கத்தினார்.

"முப்பத்தேழு!" என்று அவள் கத்தினாள். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. "முப்பத்தேழுங்க! முப்பத்தேழு!"

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் தன் கையில் பஸ் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு, "இது நம்ம பஸ் நம்பர் இல்லையேம்மா" என்றார்.